திருப்பி அனுப்ப வேண்டிய முகவரி

திலகாவின் முகம் அன்று நாலாயிரம் பேருடைய போனில் தெரிந்தது. அது அவளுக்கு மறுநாள்தான் தெரிய வந்தது.

ரீட்டாவின் அழகுசாதனக் கடையில் அவள் மூன்று வருஷமாகப் பேக்கிங் செய்துவந்தாள். கடை என்றால் மலைமேல் திரிங்காப் சாலையோரக் கடைவரிசையின் மாடியில் இரண்டு அறைகள். ஓர் அறையில் ரீட்டா தேயிலை விதை எண்ணெய், தேன்மெழுகு, ஷியா வெண்ணெய் எல்லாம் உருக்கி உதட்டுக்கும் வெடித்த குதிகாலுக்கும் போடுகிற களிம்பு, அவள் சொல்வதில் 'பாம்', செய்வாள். ஒரு தடவை காய்ச்சினால் இருநூறு புட்டி வரும். மற்ற அறை திலகாவுடையது. ஆறிய புட்டிக்கு மூடி போட்டு இறுக்குவாள். அதன் கழுத்தைச் சுற்றிப் பிளாஸ்டிக் வளையம் மாட்டிச் சூட்டுக் காற்று காட்டுவாள். வளையம் சுருங்கி ஒட்டிக்கொள்ளும். பிறகு பபிள் பை இரண்டு சுற்று, பெட்டியின் அடியிலும் மேலும் தேன்கூட்டுக் காகிதம், நடுவிலும் இரண்டு ஓரத்திலும் டேப். கடைசியில் பெட்டியைக் காதருகே வைத்துக் குலுக்குவாள். சத்தம் கேட்டால் பிரித்துத் திரும்பக் கட்டுவாள். கடல் தாண்டிச் சபா சரவாக் வரைக்கும் போன அவளுடைய பெட்டிகளில் உடைந்தவை மிகக் குறைவு. தேயிலை பறித்த காலத்தில் யாரும் அவள் கையைப் பாராட்டியதில்லை. இந்த வேலையில் வாங்கியவர்கள் எழுதினார்கள், 'பேக்கிங் அழகு' என்று. ரீட்டா அதைப் படித்துக் காட்டுவாள்.

ப்ரிஞ்சாங்கில் சுற்றுலாக்காரர்கள் வரும் ஒரு கடையிலும் பாம் விற்பனைக்கு வைத்திருந்தார்கள். அங்கே குளிரில் சோதித்துப் பார்த்தவர்கள், கட்டியாக இருக்கிறது, விரலில் வரமாட்டேன் என்கிறது என்றார்கள். ரீட்டா மெழுகைப் பாதிக்குப் பாதி குறைத்தாள். புதிய பாம் வெண்ணெய் மாதிரி வழுக்கியது.

அதைத் தொட்டுப் பார்த்த திலகா கேட்டாள். "இங்க நல்லாத்தான் இருக்கு ரீட்டா. கீழ வெயில்ல தாங்குமா? கொரியர் வேன் உள்ள அடுப்பு மாதிரி இருக்கும்னு எங்க வீட்டுக்காரரு சொல்வாரு."

"அக்கா, நீங்க பேக்கிங்க மட்டும் பாருங்க லா. ஃபார்முலா எனக்குத் தெரியும்."

திலகா டேப்பை எடுத்துக்கொண்டு தன் அறைக்குப் போனாள். மூன்றாவது வாரத்தில் புகார் வரத் தொடங்கியது. பெட்டி முழுக்க எண்ணெய், லேபிள் ஊறிக் கிழிந்துவிட்டது, புட்டியில் பாதிதான் இருக்கிறது. கிள்ளானிலிருந்து ஒன்று, ஈப்போவிலிருந்து இரண்டு, பிறகு தினமும். படங்களோடு ஒற்றை நட்சத்திரம்.

வாடிக்கையாளர்களைச் சமாதானப்படுத்த ரீட்டா போனில் லைவ் போட்டாள். சாமான் தரமானது, பேக்கிங்கில்தான் தவறு நடந்துவிட்டது என்றாள். பேசிக்கொண்டே நடந்து வந்து, முதுகு வளைத்து டேப் ஒட்டிக்கொண்டிருந்த திலகாவின் முகத்துக்கு நேரே போனைத் திருப்பினாள். "இவங்கதான் எங்க பேக்கர். மூடி சரியா முறுக்கல. இனிமே வேற ஆள் பேக் பண்ணுவாங்க. சாரி சொல்லுங்க அக்கா."

திலகாவுக்கு என்ன நடக்கிறதென்று புரியவில்லை. வீடியோ எடுக்கிறாள் என்பது மட்டும் தெரிந்தது. பழக்கத்தில் சிரித்துவிட்டு, "சாரி" என்றாள்.

அன்று சாயங்காலமே, நாளையிலிருந்து வர வேண்டாம் என்று ரீட்டா சொல்லிவிட்டாள். அடுத்த நாள் கம்போங் ராஜா சந்தையில் முள்ளங்கி வாங்கிக்கொண்டிருந்தபோது, மீன் கடைக்காரன் பக்கத்துக் கடைக்காரனிடம் மெல்லச் சொன்னான். "தோ, போச்சோர் திலகா." மலாயில் போச்சோர் என்றால் ஒழுகுகிறது. அந்த வாரத்துக்குள் தோட்டத்து வரிசை வீடுகளில், லயத்தில், பாதிப் பேர் அதைச் சொன்னார்கள். கோவிலில் பொங்கல் பானைக்குத் தண்ணீர் ஊற்றப் போனபோது யாரோ, "பாத்து, ஒழுகப் போகுது" என்றார்கள். எல்லோரும் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள். வீட்டுக்கு வந்து கதவைச் சாத்திக்கொண்டு, தன் பத்து விரலையும் விரித்துப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள். அந்தச் 'சாரி'யைத் திரும்ப வாங்க வேண்டும். எப்படி என்றுதான் தெரியவில்லை.

வழி ஒரு வெள்ளை வேனில் வந்தது.

கொரியர் வேன் ஓட்டும் அமிர்தலிங்கத்தை அவளுக்கு நன்றாகத் தெரியும். ஐம்பது வயதுக்காரர். கடையிலிருந்து பார்சல்களை எடுத்துப்போவதும், திரும்பி வருபவற்றை இவள் வீட்டில் இறக்குவதும் அவர்தான். கடை மாடியில் பகலில் பாதி நேரம் ஆள் இருக்காது. திலகாவின் வீடோ மெயின் ரோட்டை ஒட்டிய முதல் வீடு. அதனால் ஆரம்பத்திலேயே ரீட்டா, விற்பனைச் செயலியில் திரும்பி வருகிற பார்சலுக்கு இவள் பெயரையும் வீட்டு முகவரியையும் போட்டுவைத்திருந்தாள். பார்சல்களைக் காலையில் திலகா கடைக்குச் சுமந்துபோவாள்.

வேலை போன எட்டாம் நாள் வேன் வந்து நின்றது.

"திலகா, ரிட்டர்ன் நாலு."

"நான் அங்க வேலை செய்யலையே அண்ணே."

"எனக்கென்ன தெரியும்? ஒன் பேரு, ஒன் அட்ரஸ், ஒன் போன் நம்பர். லேபிள்ல இருக்கிற இடத்துல போடணும், போட்டோ புடிக்கணும். வேணாம்னா சொல்லு, வாங்கலைன்னு எழுதித் திருப்பிடறேன்."

செயலியில் சாமான் ஏற்றிப்போகிற இடம் வேறு, திரும்பி வருகிற இடம் வேறு. ஆளை மாற்றியபோது இந்த முகவரியை மாற்ற ரீட்டாவுக்கு மறந்துபோயிருக்கிறது. திலகா வேனின் திறந்த கதவுக்குள் அந்த நாலு பெட்டிகளைப் பார்த்தாள். எண்ணெய் ஊறிக் கறுத்த ஓரங்கள். அவள் மனதில் ஏதோ ஒன்று நிதானமாக எழுந்து உட்கார்ந்தது.

"வைங்கண்ணே. நான் பாத்துக்கிறேன்."

அவர் நீலக் கதவோரம் பெட்டிகளை வைத்துப் படம் எடுத்துக்கொண்டு போனார். திலகா ஒன்றையும் பிரிக்கவில்லை. கட்டிலுக்கடியில் வரிசையாகத் தள்ளிவைத்தாள். போனை எடுத்து ரீட்டாவின் எண்ணைப் பார்த்தாள். திரும்ப வைத்துவிட்டாள்.

அதன் பலன் என்னவென்று அவளுக்குத் தெரியும். மூன்று வருஷம் அந்தச் செயலியோடு மல்லுக்கட்டியவள். திரும்பி வந்த சாமானைக் கடைக்காரர் குறித்த நாட்களுக்குள் பார்த்து, படமெடுத்து, மறுப்பு சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் வாடிக்கையாளர் பக்கம் நியாயமென்று அதுவே முடிவு செய்துவிடும். கடையின் மதிப்பெண் ஒவ்வொரு படியாக இறங்கும். இன்னொரு வகையும் உண்டு. வீட்டில் ஆளில்லாமல், முகவரி தப்பாகி, யார் கையிலும் சேராமல் திரும்புபவை. அவற்றை உடனே மறுபடி அனுப்பாவிட்டால் வாங்கியவர் காத்திருந்து காத்திருந்து கடையைத் திட்டுவார்.

அடுத்த வாரம் ஆறு. அதற்கடுத்த வாரம் பதினொன்று. கட்டிலுக்கடி நிரம்பி அலமாரி மேலே ஏறியது. ஒவ்வொரு முறை வேன் சத்தம் கேட்கும்போதும், அடுப்பில் என்ன இருந்தாலும் இறக்கிவைத்துவிட்டு ஓடினாள்.

காய்கறி லோரி ஓட்டும் அவள் புருஷன் இருளப்பன் ஒரு ஞாயிற்றுக்கிழமை எல்லாவற்றையும் பார்த்தான். "என்னம்மா இது, நம்ம வீடு கொரியர் ஆபீஸா?"

அவள் சொன்னாள். அவன் ஒரு பெட்டியைத் தூக்கி லேபிளைப் பார்த்தான். "அவகிட்ட ஒரு போன் அடிச்சிச் சொல்லிட்டா முடிஞ்சிது."

"முடியக் கூடாதுன்னுதான் சொல்லல."

அவள் குரலைக் கேட்டபின் அவன் வற்புறுத்தவில்லை. அவள் இன்னொன்றும் கேட்டாள். வீட்டில் பழைய மெழுகுக் கணக்கில் செய்த பாம் ஒரு புட்டி இருந்தது. புதியது ஒன்றைப் பக்கத்து வீட்டுச் சரோஜாவிடம் கேட்டு வாங்கிவைத்திருந்தாள். திலகா போன பிறகு ரீட்டா பேக்கிங்குக்கு எடுத்தது சரோஜாவைத்தான். இரண்டு புட்டிகளையும் திலகா ஒரே மாதிரி இறுக்கி, ஒரே மாதிரி வளையம் சுருக்கி, ஒரே அளவுப் பெட்டியில் கட்டினாள். கட்டுவதை முதலிலிருந்து கடைசிவரை, புட்டியின் அடியிலிருக்கிற பேட்ச் எண் தெரிய, மகள் விக்னேஸ்வரியின் போனில் எடுத்துவைத்தாள். "இத லோரியில போட்டுக்கிட்டுப் போங்க. கீழ கே.எல்-ல நாள் பூரா வெயில்ல நிக்குமில்ல, அப்பிடியே விட்டுடுங்க. திரும்பிக் கொண்டாங்க."

மூன்றாம் நாள் இருளப்பன் இரண்டையும் கொண்டுவந்தான். ஒரு பெட்டி காய்ந்திருந்தது. மற்றதன் அடி முழுக்க எண்ணெய். திலகா இரண்டையும் பிரிக்காமலே சாமி படத்துக்குக் கீழே வைத்தாள்.

அப்போதே ரீட்டாவிடம் போயிருக்கலாம். பார், கை சரியாகத்தான் இருந்தது, உன் மெழுகுதான் குறை என்று சொல்லியிருக்கலாம். ஆனால் அது நான்கு சுவருக்குள் முடிந்துவிடும். அவளை அவமானப்படுத்தியது நான்கு சுவருக்குள் இல்லையே. இன்னும் ஏறட்டும் என்று காத்திருந்தாள்.

அந்தச் சமயத்தில்தான் கோலா பிலாவிலிருந்து ஒரு பெரிய அட்டைப்பெட்டி திரும்பி வந்தது. லேபிளைப் பார்த்ததும் அது என்னவென்று தெரிந்தது. சரோஜா குழாயடியில் பெருமையாகச் சொல்லியிருந்தாள், ஒரு கல்யாணத்துக்கு விருந்தாளிகளுக்குக் கொடுக்க இருநூறு சின்னத் தேயிலைச் சோப்பு, ஒவ்வொன்றிலும் பொண்ணு மாப்பிள்ளை பேர் அச்சடித்தது, எல்லாம் தன் கையால் காகிதம் சுற்றியது என்று. வீடு பூட்டியிருந்தது, போன் எடுக்கவில்லை என்று திருப்பி அனுப்பியிருந்தார்கள். சரோஜா சொன்ன தேதிப்படி கல்யாணத்துக்கு இன்னும் ஒன்பது நாள் இருந்தது. அன்றே மறுபடி அனுப்பினால் தாராளமாகப் போய்ச் சேரும்.

கல்யாணப் பெண்ணின் போன் எண் லேபிளிலேயே இருந்தது.

திலகா அந்தப் பெட்டியைப் பார்த்தபடி ஒரு மத்தியானம் முழுக்க உட்கார்ந்திருந்தாள். எழுந்து சோறு வடித்தாள். திரும்ப வந்து உட்கார்ந்தாள். அந்தப் பெண் யாரோ. ஆனால் இந்தப் பெட்டி ஒன்றுதான் ரீட்டாவை எல்லாவற்றையும்விட அதிகமாக அடிக்கும். கடைசியில் அவள் அதைத் தூக்கி அலமாரி மேலே மற்றவற்றோடு வைத்தாள். பத்துநாள் கழித்து அந்தப் பெண் கடையின் பக்கத்தில் எழுதியதை விக்னேஸ்வரி வாசித்துக் காட்டினாள். என் கல்யாண நாளில் வெறும் கையோடு வாசலில் நின்றேன் என்றிருந்தது. மகள் தாயின் முகத்தை ஏறிட்டுப் பார்த்தாள். திலகா, "மத்ததையும் படி" என்றாள்.

ரீட்டா கடைசியில் அமிர்தலிங்கம் எடுத்த படங்களால்தான் கண்டுபிடித்தாள். நான் திருப்பி அனுப்பிய சாமான் உனக்குக் கிடைத்துவிட்டதாகச் செயலி சொல்கிறது, நீ இல்லையென்கிறாயே என்று யாரோ சண்டை போட்டிருக்கிறார்கள். அவள் ஒப்படைப்புப் படத்தைத் திறந்து பெரிதாக்கிப் பார்த்திருக்கிறாள். நீலக் கதவு.

ஞாயிற்றுக்கிழமை, ஜெபம் முடிந்து அதே உடுப்போடு வந்தாள். கணவன் மார்கஸ் ஓட்டிவந்த கரேத்தாவை ரோட்டிலேயே நிறுத்தினான். பின்னால் சரோஜாவும் இறங்கினாள். அவள் கண் சிவந்திருந்தது. ஒழுகுவது நிற்காததால் அன்று காலை அவளுக்கும் திட்டு விழுந்திருக்க வேண்டும். லயத்தில் எல்லோரும் வீட்டில் இருக்கிற நேரம்.

"எங்க பார்சல் எல்லாம்?" ரீட்டா வாசலிலேயே கத்தினாள். "திருடிவச்சிருக்க! போலீஸ்ல ரிப்போர்ட் குடுக்கப் போறேன்."

அக்கா போய், நீங்கள் போய், நீ வந்துவிட்டதைத் திலகா கவனித்தாள். அதுவும் ஒரு வகையில் வசதியாக இருந்தது.

"உள்ள இருக்கு. ஐம்பத்திரெண்டு. ஒண்ணு கூடப் பிரிக்கல. எல்லாத்துலயும் என் பேரு, என் அட்ரஸ். நீ போட்டதுதான். போலீஸ்காரங்ககிட்டயும் இதையேதான் சொல்லுவேன்."

"ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம்ல?"

"சொல்லியிருக்கலாம். வேணும்னுதான் சொல்லல."

அக்கம்பக்கம் கூடிவிட்டது. திலகா உள்ளே போய் ஒரு மேசையை இழுத்து வாசலில் போட்டாள். பெட்டிகளை ஒவ்வொன்றாகக் கொண்டுவந்து அடுக்கினாள். பிறகு மகளைக் கூப்பிட்டாள். "லைவ் போடு. கடை பேரயும் போடு, அவ ஆளுங்களும் பாக்கட்டும்."

"அம்மா..."

"போடு."

மார்கஸ் ரீட்டாவின் தோளைத் தொட்டு, "போயிடலாம்" என்றான். ரீட்டா கையைத் தட்டிவிட்டாள். பெட்டிகளை விட்டுவிட்டுப் போகவும் முடியவில்லை, நிற்கவும் முடியவில்லை.

திலகா கத்தியை எடுத்தாள். "அன்னிக்கு என்னைய சாரி சொல்லச் சொன்னாங்க. நானும் சொன்னேன். இன்னிக்கு இவங்க முன்னாடியே பிரிக்கிறேன், நீங்களே பாத்துக்கிங்க." எண்ணெய் ஊறியதைப் பார்த்து வாங்கியவர் பிரிக்காமலே திருப்பிய ஒரு பெட்டியை முதலில் அறுத்தாள். டேப் பிசகவில்லை. தேன்கூட்டுக் காகிதம் எண்ணெயில் நசநசத்திருந்தது. பபிளை உரித்துப் புட்டியைத் தூக்கிக் காட்டினாள். வளையம் அறுபடவில்லை. மூடி இறுக்கமாக இருந்தது. "மார்கஸ், நீ முறுக்கிப் பாரு. லூசா?"

அவன் முறுக்கினான். அசையவில்லை. மறுப்பாகத் தலையசைத்தான்.

"உள்ள இருக்கிறது சூட்டுல தண்ணியா ஓடுனா, மூடி எவ்ளோ இறுக்கினாலும் திருகு வழியா வந்துரும்." அடுத்தது. அதற்கடுத்தது. நான் கட்டியது, சரோஜா கட்டியது என்று சொல்லிச் சொல்லி அறுத்தாள். எல்லாம் ஒரே கதை. பிறகு சாமி படத்துக்கடியில் இருந்த இரண்டு பெட்டிகளையும் கொண்டுவந்து, எப்போது கட்டினாள், எந்த லோரியில் போனது என்று சொல்லிப் பிரித்தாள். ஒன்று கட்டியாக இருந்தது. மற்றதில் பாதி ஒழுகியிருந்தது. இரண்டின் அடியையும் போனுக்கு நேரே பிடித்தாள். "இது பழைய பேட்ச். இது புதுசு. என்ன மாத்துன ரீட்டா? சொல்லு."

ரீட்டா முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"போன் பாத்துச் சொல்லு. என்னைய சொல்ல வச்சல்ல?"

"மெழுகு." ரீட்டாவின் உதடு மட்டும் அசைந்தது. "மெழுக கம்மி பண்ணேன்."

"நான் கேட்டனா, கீழ வெயில் தாங்குமான்னு?"

"கேட்டீங்க."

"என் கை போச்சோரா?"

"இல்ல. சாரி அக்கா."

கூட்டத்தில் யாரோ ஒருவன் கை தட்டினான். திலகாவின் மார்புக்குள் சூடான ஒன்று இறங்கியது. அதுவரை அப்படி ஒரு ருசியை அவள் அறிந்ததில்லை. ரீட்டா அழுதாள். அந்த அழுகையையும் அவள் அவசரமில்லாமல் பார்த்தாள்.

அப்போது ரீட்டா மேசையின் ஓரத்தில் இருந்த பெரிய அட்டைப்பெட்டியைப் பார்த்துவிட்டாள். லேபிளில் குனிந்தாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு கத்தியை எடுத்து அவளே அறுத்தாள். உள்ளே இருநூறு சோப்பும் வைத்தது வைத்தபடி, காகிதம் கசங்காமல், பெயர்கள் பளிச்சென்று.

"இது ஒழுகல," என்றாள் ரீட்டா. கத்தவில்லை. "இதுல மெழுகு இல்ல. இது என்னிக்கு வந்துச்சு?"

திலகா கையிலிருந்த புட்டியை மேசையில் வைத்தாள்.

"கல்யாணத்துக்கு முந்தியே வந்திருக்கு. லேபிள்ல தேதி இருக்கு. நான் உனக்குப் பண்ணினேன், சரி. இந்தப் பொண்ணு உனக்கு என்ன பண்ணா?"

விக்னேஸ்வரி போனைத் தாழ்த்தினாள். ஆனால் அந்தக் கேள்வி ஏற்கெனவே போய்விட்டிருந்தது. கை தட்டியவன் தலையைக் குனிந்துகொண்டான். சரோஜா முன்னால் வந்து ஒரு சோப்பை எடுத்துத் திருப்பிப் பார்த்தாள். தன் கையால் சுற்றியதை அடையாளம் கண்டவள் மாதிரி ஓரத்தைத் தடவினாள். திலகாவை நிமிர்ந்து ஒரு பார்வை பார்த்துவிட்டு, சோப்பை அதன் இடத்திலேயே வைத்துவிட்டுப் போனாள்.

அந்த வீடியோவை மலையிலும் கீழேயும் நிறையப் பேர் பார்த்தார்கள். ரீட்டா புதிய பேட்ச் முழுவதையும் திரும்ப வாங்கிக்கொள்வதாக அறிவித்தாள். மருந்துக் கட்டுப்பாட்டு ஆபீஸிலிருந்து கடிதம் வந்தது. பாமில் என்னென்ன எவ்வளவு சேருகிறதென்று பதிந்திருக்கிறார்களோ அதன்படிதான் விற்க வேண்டும், மாற்றினால் மறுபடி பதிய வேண்டும், நீ ஏன் பதியவில்லை என்று கேட்டிருந்தார்கள். செயலி கடையை நிறுத்திவைத்தது. கடைவரிசை மாடிக்குப் பூட்டு விழுந்தது. சந்தையில் போச்சோர் என்ற பேச்சே இல்லை. மீன் கடைக்காரன், "அக்கா, இன்னிக்கு மீன் நல்லாருக்கு" என்று மரியாதையாகக் கூப்பிட்டான். திலகா நின்று, செவுள் பார்த்து வாங்கினாள்.

சரோஜா மறுபடி தேயிலை வெட்டப் போனாள். வெட்டும் இயந்திரத்தின் ஒரு பக்கத்தை இவளும் மறு பக்கத்தை ஒரு வங்காளதேசத்துக்காரனும் பிடித்துக்கொண்டு சரிவில் நடக்க வேண்டும். முட்டிவலிக்காரி. குழாயடியில் ஒருநாள் திலகா அவள் குடத்தை நகர்த்திக் கொடுத்தாள்.

"ஒனக்குத் திருப்தியா?" என்று கேட்டாள் சரோஜா.

"ஆமா," என்றாள் திலகா. பொய் சொல்லவில்லை.

"எனக்கும் அன்னிக்குத் திட்டு விழுந்துச்சி. என் கையும் சரியாத்தான் இருந்திச்சின்னு நீ காட்டுன. அதுக்கு நன்றி." குடத்தை இடுப்பில் ஏற்றினாள். "ஆனா அந்தச் சோப்பு நான் மூணு நாள் சுத்துனது. என்கிட்டயாவது சொல்லியிருக்கலாம்."

திலகா தன் குடத்தைக் குழாய்க்கடியில் தள்ளினாள். அது நிரம்பி வழிந்தது. ரீட்டாவை நினைத்தால் இப்போதும் அந்தச் சூடு இறங்குகிறது, குறையவில்லை. மறுபடி ஒரு வாய்ப்பு வந்தால் மறுபடி அந்த மேசையை வாசலில் இழுத்துப்போடுவாள். ஆனால் அலமாரி மேலே அந்தப் பெட்டியைத் தூக்கி வைத்தபோது அதன் கனம் கையில் எப்படி இருந்தது என்பதும் சேர்ந்தே நினைவுக்கு வந்தது. அதை மட்டும் தனியாகக் கழற்றி எறிய அவளால் முடியவில்லை. சரோஜா சரிவில் ஏறி லயத்துத் திருப்பத்தில் மறையும்வரை பார்த்துவிட்டு, குழாயை மூடினாள்.